மெர்சி தவான்ஸ்: உதவி வருமுன்னே நன்றி

பிரெஞ்சுக் கடிதங்களிலும் மின்னஞ்சல்களிலும் வேண்டுகோளுக்கு அடியில் அடிக்கடி காணப்படும் தொடர் ‘மெர்சி தவான்ஸ்’. ‘மெர்சி’ என்றால் நன்றி, ‘தவான்ஸ்’ என்றால் முன்கூட்டியே. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இதைக் கண்டதும் முகம் சுளிக்கும் பிரெஞ்சு வாசகர்கள் உண்டு.

‘மெர்சி’யின் வேர் லத்தீனில் கூலி, விலை, வெகுமதி என்று பொருள்பட்ட ‘மெர்செஸ்’ என்ற சொல். கிறிஸ்தவ வழக்கில் அது இறைவன் தரும் அருளையும் இரக்கத்தையும் குறிக்கலாயிற்று. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, புனித யூலாலியைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் பாடல், கிறிஸ்து நம்மீது ‘மெர்சி’ கொள்ளட்டும் என்று வேண்டுகிறது. அங்கே அது இரக்கம்தான், நன்றி அல்ல. அந்தப் பழம்பொருள் இன்னும் அழியவில்லை: ‘சான் மெர்சி’ என்றால் ஈவிரக்கமின்றி, ‘ஆ லா மெர்சி து’ என்றால் ஒருவர் தயவில் கிடப்பது. அருள் செய்தவரைப் போற்றும் சொல்லாக இருந்து, பின்னால் நன்றிச் சொல்லாக நிலைத்தது.

‘தவான்ஸ்’ வாடகையையோ கட்டணத்தையோ முன்பணமாகக் கட்டும்போதும் வரும் சொல். உறுத்தல் இங்கேதான் தொடங்குகிறது. நன்றியை முன்பணம்போல் மேசையில் வைத்துவிட்டால், எதிரில் இருப்பவர் மறுப்பது எப்படி? அவர் சம்மதிக்கும் முன்பே சம்மதித்ததாகக் கணக்கு எழுதியாயிற்று. இன்னொரு குறையும் சொல்கிறார்கள்: உதவி முடிந்தபின் சொல்ல வேண்டிய நன்றியையும் இப்போதே தீர்த்துவிட்டு, பிறகு எழுதும் வேலையை உதவி கேட்பவர் மிச்சப்படுத்திக்கொள்கிறார்.

இதைவிடக் கூர்மையானது ‘மெர்சி து’ என்று தொடங்கி வினையைச் சேர்க்கும் வழக்கம். ‘மெர்சி து ஃபெர்மே லா போர்த்’, கதவை மூடியதற்கு நன்றி, என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. கதவை நீங்கள் இன்னும் மூடவில்லை. அது நன்றி வேடமிட்ட கட்டளை. ‘மெர்சி தவான்ஸ்’ இந்தக் கட்டளையின் நிழலில் நிற்பதால்தான் கூடுதலாகக் கசக்கிறது என்பது என் எண்ணம்.

எல்லா இடத்திலும் கசப்பதில்லை. சக ஊழியர்களிடையே, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைக்கு இது வெறும் வழக்கம், யாரும் கவனிப்பதில்லை. மேலதிகாரிக்கோ முன்பின் தெரியாதவருக்கோ எழுதும்போது, அதுவும் அவர் மறுக்க உரிமையுள்ள ஒன்றைக் கேட்கும்போதுதான் சிக்கல்.

ஒரு பேராசிரியரிடம் மாணவி பரிந்துரைக் கடிதம் கேட்கிறாள் என்று கொள்வோம். ‘வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். மெர்சி தவான்ஸ்’ என்று எழுதினால் முடிவை அவளே எடுத்துவிட்டாள். ‘ஜு வூ செரே ருகொனேசான்த் து பியேன் வூல்வார்…’ என்று தொடங்கினால், ‘தாங்கள் மனமுவந்து எழுதித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்’ என்றாகும். ‘செரே’ நிபந்தனை வினை வடிவம். ‘செய்தால்’ என்ற நிபந்தனை அதற்குள் இருப்பதால் மறுக்கவும் இடம் கிடைக்கிறது. இதே பொருளில் ‘ஜு வூ சொரே க்ரே’ என்றும் எழுதலாம். இதிலுள்ள ‘சொரே’ ‘அறிதல்’ என்ற வினையிலிருந்து வருவது. ‘செரே க்ரே’ என்று எழுதுவது பிரெஞ்சுக்காரர்களே அடிக்கடி செய்யும் பிழை.

முடிவில் நன்றி சொல்லியே ஆகவேண்டுமென்றால், நடந்துவிட்ட ஒன்றுக்குச் சொல்லலாம்: ‘என் கடிதத்தைப் படிக்க நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.’ அந்த வரிக்கு வரும்போது அவர் படித்து முடித்திருப்பார், ஆகவே அது பொய்யில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கான நன்றி, அது கைக்கு வந்தபின் தனியாகப் போகட்டும்.

முறையான கடிதத்தில் ஒரு பொறி உண்டு. ‘ஆன் வூ ருமெர்சியான் தவான்ஸ்’, அதாவது ‘முன்கூட்டி நன்றி கூறி’, என்று தொடங்கிவிட்டு ‘வேயே அக்ரேயே’ (ஏற்றருள்க) என்று முடிப்பவர்கள் ஏராளம். இலக்கணப்படி நன்றி கூறுபவரும் ஏற்பவரும் ஒருவரே ஆகிவிடுகிறார்கள். ‘ஜு வூ பிரி தக்ரேயே’, அதாவது ‘ஏற்குமாறு நான் வேண்டுகிறேன்’, என்று முடித்தால் எழுவாய் ஒன்றுபடும்.

தமிழில் ‘முன்கூட்டியே நன்றி’ என்று நேராகப் பெயர்ப்பது சரிதான், ஆனால் உறுத்தலும் கூடவே வந்துவிடுகிறது. ‘நன்றி’ என்பது பழந்தமிழில் செய்யப்பட்ட நன்மையையே குறிக்கும். ‘செய்ந்நன்றி’ என்ற சொல்லே சாட்சி. நன்மை நடக்கும் முன் அதைச் சொல்வது இடறத்தான் செய்யும். நம் விண்ணப்பங்கள் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றே முடிந்துவந்தன. நண்பர்களுக்கு ‘முடிந்தால் செய்து தாருங்கள், பெரிய உதவியாக இருக்கும்’ போதும். பிரெஞ்சின் ‘செரே ருகொனேசான்த்’ தொடருக்கு ‘கடமைப்பட்டிருப்பேன்’ நெருங்கி வருகிறது, சற்றுக் கனமாக ஒலித்தாலும்.