ஜிஎஸ்டி எண் இல்லாத தையல் கடை: முதல் பில்லில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது

தையல் கடை திறந்த மகள் முதல் பில்லைப் போனிலேயே தயார் செய்துவிட்டாள். பில் போடும் ஆப் ஒன்றில் கடைப் பெயரையும் தொகையையும் தட்டினாள், மீதியை அதுவே நிரப்பிக்கொண்டது. ஜவுளிக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அப்பா வாங்கிப் பார்த்தார். மேலே 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று தலைப்பு. கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரிகள்.

"இந்தப் பணத்தை எங்கேம்மா கொண்டுபோய்க் கட்டுவ?"

"எல்லாக் கடை பில்லிலும் இருக்கேப்பா."

"அந்தக் கடைக்கெல்லாம் ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. உனக்கு இருக்கா?"

இல்லை. அதனால் அவள் வரி வாங்கவும் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 32-ஆவது பிரிவு இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது: பதிவு செய்யாதவர் தன் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. தெரியாமல் வசூலித்துவிட்டால் 'நான்தான் பதிவே செய்யவில்லையே' என்று அதைக் கல்லாவில் வைத்துக்கொள்ளவும் முடியாது. வரி என்ற பெயரில் வாங்கிய எந்தப் பணமும் அரசுக்குப் போக வேண்டும் என்கிறது 76-ஆவது பிரிவு, கட்டாமல் விட்டால் அபராதம் தனி. ஆப் கேட்காமலே போட்டுக்கொடுக்கும் இரண்டு வரியால் இவ்வளவு வம்பு வரும் என்று புதிதாகக் கடை வைப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆப்பின் செட்டிங்கில் போய் வரியை நிறுத்துங்கள், தலைப்பை வெறும் 'பில்' என்று மாற்றுங்கள். முடியாவிட்டால் கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகமே போதும். அப்பாவும் அதைத்தான் எடுத்து நீட்டினார்.

அப்படியானால் பதிவு எப்போது தேவை? ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுராவில் இந்த வரம்பு 10 லட்சம்.

இங்கே மகள் கேட்ட ஒரு கேள்வி பலருக்கும் இருக்கும். "40 லட்சம் வரை தேவையில்லைன்னு கேள்விப்பட்டேனேப்பா?" அந்த 40 லட்சம் பல மாநிலங்களில் உண்மைதான், ஆனால் அது பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. வாடிக்கையாளர் துணி கொண்டுவருகிறார், நாம் வெட்டித் தைத்துக் கொடுக்கிறோம், துணி கடைசிவரை அவருடையதுதான். அடுத்தவர் பொருளில் நாம் செய்யும் வேலையை ஜிஎஸ்டி சட்டம் சேவை என்று கணக்கில் வைக்கிறது, சேவை என்று வந்துவிட்டால் வரம்பு 20 லட்சம். இதிலேயே ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்தது எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பட்டாக இருந்தாலும் அதன் விலை நம் வரவில் சேராது, நாம் வாங்கும் தொகை மட்டும்தான் சேரும். அதனால் பில்லில் 'துணி வாடிக்கையாளருடையது' என்று ஒரு வார்த்தை எழுதி வைப்பது நல்லது. நாளை யாராவது கணக்குக் கேட்டால் அந்த வார்த்தை பேசும்.

ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காகப் பில்லே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. கடையின் பெயர், முகவரி, பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், என்ன வேலை, எத்தனை, எவ்வளவு, கடைசியில் கையெழுத்து. இவை இருந்தால் சரி.

முதல் வாடிக்கையாளர் லைனிங் வைத்து இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தார். லைனிங் துணி மகள் வாங்கிப் போட்டது. முன்பணம் 300 ரூபாய் வாங்கும்போதே ஒரு ரசீது கொடுத்தாயிற்று. இப்போது டெலிவரி. மகள் புத்தகத்தின் முதல் தாளில் 'பிளவுஸ் – 660' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாள். கைக்கு வரப்போவது அவ்வளவுதானே என்பது அவள் கணக்கு.

"660 உன் பாக்கிம்மா. பில் தொகை அது இல்லை."

அவள் தாளைக் கிழிக்கப் போனாள், அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். எண் போட்ட தாளைக் கிழிக்கக் கூடாது. அசல், கார்பன் பிரதி இரண்டிலும் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, இரண்டையும் புத்தகத்திலேயே விட்டுவிட வேண்டும். எண்கள் வரிசையாக இருக்கும்வரை கேள்வி வராது. நடுவில் ஒரு எண் காணாமல் போனால்தான், அந்த விற்பனையை மறைத்தீர்களா என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆகவே அந்தக் கடையிலிருந்து வெளியே போன முதல் பில்லின் எண் 2.

அதில் அப்பா சொல்லச் சொல்ல அவள் எழுதியது இது: பிளவுஸ் தையல் கூலி, துணி வாடிக்கையாளருடையது, இரண்டுக்கு 400 வீதம் 800. லைனிங் துணி 2 மீட்டர், மீட்டர் 80 வீதம் 160. மொத்தம் 960. அதற்குக் கீழே, முன்பண ரசீது எண்ணைக் குறிப்பிட்டுக் கழிவு 300, பாக்கி 660. ஆண்டு வரவில் சேர வேண்டியது 960. பாக்கியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், 20 லட்சத்தைத் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிடுவோம். மாதக் கடைசியில் பில்களின் 'மொத்தம்' தொகையை மட்டும் கூட்டி எழுதி வைத்தால் போதும். சராசரியாக மாதம் 1.66 லட்சத்தை நெருங்கும் கடை கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

அதே வாரம் பொட்டிக் நடத்தும் ஒருவர் மொத்தமாக வேலை தருகிறேன், ஆனால் ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றார். அவர் பதிவு செய்தவர், வரி போட்ட பில் இருந்தால் அந்த வரியைத் தான் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம் என்பது அவர் வசதி. வரம்புக்குக் கீழே இருந்தாலும் விரும்பிப் பதிவு செய்ய சட்டம் இடம் தருகிறது. மகளுக்கு உடனே செய்துவிட ஆசை.

"நம்பர் வாங்கினா அவருக்கு மட்டும் இல்லைம்மா, பிளவுஸ் தைக்கிற எல்லாருக்கும் வரி போடணும். வேலையே வரலைன்னாலும் ரிட்டர்ன் போடணும்."

வீட்டு வாடிக்கையாளர்களால் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அவர்களுக்கு அது வெறும் விலையேற்றம். என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் வேலை இப்படிப் பதிவு செய்த கடைகளிடமிருந்து வந்தால் மட்டுமே விரும்பிப் பதிவு செய்வது லாபம். மகள் பொட்டிக்காரரிடம் வரி இல்லாத பில்தான் தர முடியும், தொகையிலும் வரி இருக்காது என்று சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, முதலில் ஐந்து சுடிதார் அனுப்புகிறேன் என்றார்.