தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அப்பாவின் ஓய்வுக்காலப் பணமும்

கல்லூரிக் கட்டணம் கட்டும் பருவம் வந்தால், நிதி ஆலோசனைக்காக என்னிடம் வரும் இளைஞர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எஸ்.ஐ.பி.யை மூணு வருஷம் நிறுத்தி வெச்சா என்ன சார்?" எஸ்.ஐ.பி. என்பது பரஸ்பர நிதியில் மாதாமாதம் ஒரே தொகையை முதலீடு செய்து வருவது. அண்மையில் இதே கேள்வியோடு வந்த ஒருவரின் கணக்கை, அடையாளங்களை மாற்றி, இங்கே விரித்து எழுதுகிறேன்.

அவருக்கு வயது 29. சென்னையில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 58,000 ரூபாய். அதில் வாடகை உட்படச் சொந்தச் செலவு 25,000, கரூரில் இருக்கும் பெற்றோருக்கு 15,000, எஸ்.ஐ.பி. 8,000 என்று போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வயது 62; தனியார் ஆலையில் ஓய்வு பெற்றவர், பி.எஃப். ஓய்வூதியமாக மாதம் 2,400 ரூபாய் வருகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. தங்கை பொறியியல் படிப்பில் முதலாம் ஆண்டை முடித்திருந்தார். விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 1,35,000 வீதம் இன்னும் மூன்று ஆண்டுகள் கட்ட வேண்டும். (அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி என்பதால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கு வழியில்லை.) இவை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்ன அவருக்கு, அப்பாவின் சேமிப்புக் கணக்கில் 11 லட்சம் ரூபாய் இருப்பது தெரியாது. என் முன்னிலையில் அப்பாவிடம் தொலைபேசியில் கேட்கச் சொன்னபோதுதான் அது தெரிந்தது.

தெரிந்ததும் அப்பா சொன்ன யோசனை, பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படுவதுதான்: "கையில பணம் இருக்கும்போது எதுக்குப்பா கடன் வாங்கி வட்டி கட்டணும்? நானே கட்டிடுறேன்." பெருந்தன்மையான பேச்சு, ஆனால் அதற்கான விலையைக் கடைசியில் மகன்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அறுபது வயதைக் கடந்த அப்பா, அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரல் முதல் அதன் வட்டி 8.2 சதவீதம், கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதமே ஐந்தாண்டுகளுக்கும் மாறாமல் நிற்கும். 10 லட்சத்தை அதில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 6,800 ரூபாய் வரும். அந்தப் பணத்தில் நான்கு லட்சத்தைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டால், மாதம் 2,700 ரூபாய் வருமானம் பெற்றோரின் ஆயுள் முழுவதற்கும் குறைந்துபோகும். படிப்புச் செலவோ தேதி குறித்து முடிந்துவிடுவது. முடிவு தெரிந்த செலவுக்காக, முடிவு தெரியாத செலவைத் தாங்கும் பணத்தை உடைப்பதை நான் ஏற்பதில்லை.

ஆகவே தங்கையின் பெயரில் கல்விக் கடன் வாங்குவதென்று முடிவாயிற்று. நான்கு லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணையோ, வெளியாளின் ஜாமீனோ கேட்பதில்லை. படிப்பின் நடுவிலும் விண்ணப்பிக்கலாம். கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழும் கட்டண விவரமும் கொடுத்தால், கட்டணத்தை வங்கியே கல்லூரிக்கு அனுப்பிவிடும். தவணையைப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கினால் போதும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும் என்பதால், அந்த வட்டியை மட்டும் அண்ணன் மாதாமாதம் கட்டிவர வேண்டும் என்றேன். 10 சதவீத வட்டியில் முதல் ஆண்டு மாதம் சுமார் 1,100 ரூபாய், அடுத்த ஆண்டு 2,200, அதன் பிறகு 3,300. இப்படிக் கட்டிவந்தால், தங்கை சம்பாதிக்கத் தொடங்கும்போது அசல் நான்கு லட்சமாகவே நிற்கும். ஏழாண்டுத் தவணையில் அவர் மாதம் 6,650 ரூபாய்க்குள் கட்டி முடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓய்வு பெற்ற தந்தையின் வருமானம் போதாது என்று கருதும் வங்கி, அண்ணனையே இணைக் கடனாளியாகக் கையெழுத்திடச் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் அந்தக் கடன் அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். பின்னாளில் தங்கை தவணை தவறினால், அண்ணன் வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். இன்னொன்று, கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு தனக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ, தாம் சட்டப்படிப் பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கோ வாங்கிய கடனுக்குத்தான் கிடைக்கும்; உடன்பிறந்தவர் படிப்புக்கு இல்லை. அண்ணன் கட்டும் வட்டிக்கு வரிச்சலுகையை எதிர்பார்க்கக் கூடாது.

இனி அந்த எஸ்.ஐ.பி. கேள்வி. மாதம் 8,000 வீதம் மூன்று ஆண்டுகளில் 2,88,000 ரூபாய். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை மேலும் 25 ஆண்டுகள் விட்டுவைத்தால் சுமார் 36 லட்சமாகும். இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அந்த 36 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஏழு லட்சம்தான். கடன் வட்டியும் எதிர்பார்க்கும் வருமானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, கடன் வாங்கிக்கொண்டு முதலீட்டைத் தொடர்வதில் பெரிய லாபம் ஏதும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். என் கவலை வேறு. மூன்று ஆண்டுகளுக்கு என்று நிறுத்தியவர்கள், அது முடிந்ததும் தங்கை கல்யாணம், வீட்டுக்கு மராமத்து என்று அடுத்த செலவுக்குப் போய்விடுகிறார்கள். மீண்டும் தொடங்குவது அரிது. அதே சமயம் கல்விக் கடன் கிடைக்காமல் 14, 15 சதவீதத்துக்குத் தனிநபர் கடன்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்திருந்தால், எஸ்.ஐ.பி.யை நிறுத்திக் கட்டணம் கட்டச் சொல்லியிருப்பேன்.

அப்பாவின் 10 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டு, அதன் வட்டி வரத் தொடங்கியதும், வீட்டுக்கு அனுப்பும் தொகை 15,000-இலிருந்து 9,000 ஆயிற்று. பெற்றோர் கைக்கு வருவது முன்பைவிடச் சற்றே கூடுதல்தான். மிச்சமானதில் முதல் வேலை பெற்றோருக்குத் தனி மருத்துவக் காப்பீடு. அலுவலகக் காப்பீட்டில் அவர்கள் பெயர் இருந்தாலும், வேலையை விட்ட அன்றே அது போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்பதால், அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே தனிப் பாலிசி எடுத்தால் அந்தக் காலம் அதன் நிழலில் கழிந்துவிடும். சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். மறைத்தால் பெரிய பில் வரும் நாளில்தான் கோரிக்கையை நிராகரிப்பார்கள். பிரீமியம் மாதக் கணக்கில் 3,200 ரூபாய் ஆயிற்று.

இவையெல்லாம் போக முதல் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 11,700 ரூபாய் மிஞ்சுகிறது. அதை உடனே எஸ்.ஐ.பி.யில் சேர்த்து 20,000 ஆக்கிவிட அவர் ஆசைப்பட்டார், வேண்டாம் என்றேன். இரண்டரை லட்சம் சேரும்வரை அது தனிக் கணக்கில், எடுத்தால் உடனே கைக்கு வரும் விதத்தில் இருக்கட்டும். மருத்துவமனையில் முன்பணம் கேட்கும் இரவில் அந்தப் பணம் இல்லையென்றால், சந்தை விழுந்து கிடக்கும் நேரமாகப் பார்த்து முதலீட்டை விற்க நேரும். அப்பாவின் 11 லட்சத்தில் ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டதும் இதற்காகத்தான். மூத்த குடிமக்கள் கணக்கை ஓராண்டுக்குப் பிறகு இடையில் முடித்தால் முதலில் ஒன்றரை சதவீதமும், இரண்டாண்டுக்குப் பின் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். ஓராண்டுக்குள் முடித்தால் கொடுத்த வட்டியையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு வலுவற்ற இடம் உண்டு. அஞ்சலக வட்டியும் ஓய்வூதியமும் ஏறப்போவதில்லை. வீட்டுச் செலவு ஏறும். வட்டி, ஓய்வூதியம், மகன் அனுப்பும் 9,000 மூன்றும் சேர்ந்து இன்று மாதம் 18,200 ரூபாய். வீட்டுச் செலவு இதிலிருந்து ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் ஏறினால் ஐந்தாம் ஆண்டின் முடிவில் 24,000-ஐத் தாண்டும். ஏறிய தொகை முழுவதும் மகன் தலையில் விழுவதால், அவருடைய 9,000 மறுபடியும் 15,000 ஆகிவிடும். கடனுக்கான வட்டிப் பொறுப்பு அதற்குள் அவரை விட்டு நீங்கியிருக்கும். தங்கையும் வேலைக்குப் போயிருப்பார். பெற்றோர் செலவில் தங்கையின் பங்கு எவ்வளவு என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதே நால்வரும் உட்கார்ந்து பேசிவிடுமாறு சொல்லி அனுப்பினேன்.