மிலியா: கண்ணோரத்துத் தினைக்குரு

கண்ணுக்குக் கீழே, இமையோரத்தில், வெள்ளையாகச் சின்னச் சின்ன மணிகள். வலிக்காது, அரிக்காது. விரலால் தடவினால் தோலுக்கடியில் மணல் சிக்கியது போல நெருடும். தோல் மருத்துவர்கள் இதை மிலியா என்பார்கள்.

லத்தீனில் 'மிலியம்' என்றால் பனிவரகு. அதன் பன்மைதான் மிலியா. ஆகவே ஒன்றே ஒன்று இருந்தால் மிலியம் என்பதே சரி. வேர்க்குருவின் மருத்துவப் பெயரான மிலியேரியாவும் இதே தானியத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது. இதற்கும் அதற்கும் பெயரளவு உறவுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? சிலர் பாலுண்ணி என்கிறார்கள். அது மரு வகைக்கு வழங்கும் பெயர், குழப்பம்தான் மிஞ்சும். பரு என்றால் உடனே பிதுக்கக் கை போகும். பனிவரகுக்குரு என்பது மூலத்துக்கு நெருக்கம், ஆனால் வாயில் நுழையாது. சிறியதை நாம் காலங்காலமாகத் தினையளவு என்றே சொல்லி வந்திருக்கிறோம். வேர்க்குருவில் உள்ள குருவும் கையருகே இருக்கிறது. எனவே என் தேர்வு தினைக்குரு.

இந்த மணிக்குள் இருப்பது சீழ் அல்ல, கொழுப்பும் அல்ல, கெரட்டின். நகமும் முடியும் உருவாகும் அதே புரதம். மேல்தோலின் செல்கள் காய்ந்து உதிர்ந்துகொண்டே இருப்பவை. பூனைமுடி முளைக்கும் நுண்துளையின் மேற்பகுதியில் அவை வெளியேற வழியின்றிச் சிக்கினால், சுற்றிலும் மெல்லிய பை உருவாகி, உள்ளே கெரட்டின் உருண்டு இறுகிவிடுகிறது. பொதுவாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். தீக்காயமோ கொப்புளமோ ஆறிய இடத்திலும் இது வரும். பிறந்த குழந்தைகளின் மூக்கிலும் கன்னத்திலும் நிறையவே பார்க்கலாம், சில வாரங்களில் தானாக மறையும். பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும்.

சரி, பிதுக்கினால் என்ன? நானும் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, இரு நகங்களுக்கு நடுவே ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. வரவும் வராது, ஏனென்றால் பருவுக்கு இருப்பது போல இதற்கு வெளியே திறக்கும் வாய் இல்லை. கொடுத்த அழுத்தமெல்லாம் பக்கவாட்டில் போயிற்று. இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அன்று மாலையே அந்த இடம் சிவந்து வீங்கியது, அப்புறம் ஒரு கரும்புள்ளியாகி மாதக்கணக்கில் தங்கியது. மணி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது! நகம் கிழித்த இடத்தில் கிருமி புகுந்தாலோ தழும்பு விழுந்தாலோ இன்னும் மோசம்.

அழகுக்காக எடுத்தே ஆக வேண்டுமானால், மருத்துவர் செய்வது பிதுக்கல் அல்ல. கிருமி நீக்கிய ஊசி நுனியால் மேல்தோலில் சிறு கீறல் போட்டு, முதலில் வாயைத் திறக்கிறார். பிறகு மெதுவாகத் தள்ள, உமி நீக்கிய தினை போல மணி முழுசாக வெளியே வந்துவிடும்.