தொகையிடல்: சொல்லும் சரிபார்ப்பும்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பிளஸ் டூ கணக்கு டியூஷன் எடுப்பவர்களிடம் ஒரே பாடம் மூன்று பெயர்களோடு வந்து சேரும். கடலூரில் தமிழ்வழி படிக்கும் பிள்ளை 'தொகையிடல்' என்பாள். புதுச்சேரியில் சிபிஎஸ்இ படிப்பவன் 'இன்டக்ரேஷன்' என்பான். பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளை, விடையாக வரும் சார்பை 'ப்ரிமிதிவ்' என்று சொல்லும். இந்த மூன்றில் விடையைச் சரிபார்க்கும் வழியைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது மூன்றாவது சொல்தான்.

முதலில் 'இன்டக்ரல்'. 'முழுமை' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அச்சில் இதை முதலில் பயன்படுத்தியவர் யாக்கோபு பெர்னூலி, 1690-இல். லைப்னிட்ஸ் அதற்கு முன்பே, 1675-இல், தன் குறிப்புகளில் ∫ என்ற அடையாளத்தை எழுதிவிட்டார். கூட்டுத்தொகையைக் குறிக்கும் 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்தான எஸ்ஸை நீட்டி எழுதியதுதான் அது. நம் 'தொகை'யும் 'தொகு' என்ற வினையிலிருந்து பிறந்தது. சேர்ப்பது, கூட்டுவது என்று பொருள். அதன் மறுபக்கம் 'வகு' தந்த 'வகை'. தொகை, வகை, விரி என்று இலக்கணக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த வரிசையிலும் தொகையும் வகையும் ஜோடியாகவே நிற்கின்றன. பரப்பளவு காணும்போது 'தொகை' மிகவும் பொருந்துகிற சொல்.

ஆனால் எல்லைகள் இல்லாமல் `∫ cos 3x dx` என்று கேட்கும்போது நாம் எதையும் கூட்டுவதில்லை. எந்தச் சார்பை வகையிட்டால் `cos 3x` வரும் என்று தேடுகிறோம். இந்தத் தேடலுக்குப் பொருந்துவது ப்ரிமிதிவ். லக்ராஞ்சு 1797-இல் வெளியிட்ட நூலில், வகையிட்டுப் பெறுவதைப் 'பிறந்த சார்பு' என்ற பொருளிலும், அது எதிலிருந்து பிறந்ததோ அதை 'மூல சார்பு' என்ற பொருளிலும் பெயரிட்டார். தமிழில் எதிர்வகைக்கெழு என்று எழுதுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் முதல்முறை படிக்கிற பிள்ளைக்கு 'மூலச் சார்பு' என்று சொல்லிக்கொடுப்பதையே நான் விரும்புகிறேன். மூலம் என்று ஒன்றைக் காட்டினால், அதிலிருந்து கேள்வி பிறக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். சரிபார்ப்பு என்பது அவ்வளவுதான்: விடையை வகையிட வேண்டும், ∫ குறிக்குள் இருந்தது திரும்பி வர வேண்டும்.

வராவிட்டால் என்ன வந்தது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். `∫ cos 3x dx = sin 3x + C` என்று எழுதியிருந்தால், வகையிடும்போது சங்கிலி விதிப்படி `3 cos 3x` வரும். கேட்டதைப் போல மூன்று மடங்கு. ஆகவே தொலைந்தது 1/3. `∫ sin x dx = cos x + C` என்றால் `-sin x` வரும். மடங்கு -1, ஆகவே தவறு குறியில். வந்ததைக் கேட்டதால் வகுத்து ஓர் எண் கிடைத்தால், விடையை அதே எண்ணால் வகுத்தால் போதும். x கலந்த ஒன்று கிடைத்தால் இப்படித் திருத்த முடியாது. `e^(x²)`-க்கு விடை `e^(x²)/(2x)` என்று எழுதுவது அந்த ரகம். பகுதியில் இருக்கும் x-ஐயும் சேர்த்து வகையிட வேண்டியிருப்பதால் கூடுதலாக ஓர் உறுப்பு வந்து நிற்கும். மாறிலியால் வகுக்கலாம், மாறியால் கூடாது.

பகுதித் தொகையிடலில்தான் இந்தச் சரிபார்ப்பு அதிகம் உதவுகிறது. `∫ x e^(-3x) dx` கணக்கை எடுத்துக்கொள்வோம். நோட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கும் விடை இது:

```
-(x/3) e^(-3x) + (1/9) e^(-3x) + C
```

முதல் உறுப்பு ஒரு பெருக்கல், அதனால் பெருக்கல் விதிப்படி அது இரண்டாகப் பிரியும்: `-(1/3) e^(-3x)`, `+x e^(-3x)`. இவற்றில் இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. முதலாவது அழிய வேண்டும், அதை அழிப்பதற்காகவே விடையில் இரண்டாம் உறுப்பு இருக்கிறது. அந்த `(1/9) e^(-3x)`-ஐ வகையிட்டால் `-(1/3) e^(-3x)` வருகிறது. அழிய வேண்டியது இரட்டிப்பாகி, `-(2/3) e^(-3x)` மிச்சம் நிற்கிறது. மிச்சம் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் அளவு சரி, குறிதான் தவறு என்று அர்த்தம். 1/9-க்கு முன் கழித்தல் போட்டால் எல்லாம் ஒழுங்காக அழிந்துவிடும். தவறு எங்கே நுழைந்தது என்பதும் தெரியும்: `e^(-3x)`-ஐ இரண்டாம் தடவை தொகையிடும்போது வந்திருக்க வேண்டிய கழித்தலை விட்டிருக்கிறார்கள். அதே இடத்தில் குறியைச் சரியாகப் போட்டு, 1/9-க்குப் பதில் 1/3 என்று எழுதியிருந்தால் மிச்சம் `+(2/3) e^(-3x)`. அப்போது அழிக்க வந்த உறுப்பு தேவையைவிட மூன்று மடங்கு பெரிதாக இருக்கிறது, அதாவது ஒரு 3-ஆல் வகுக்க மறந்திருக்கிறார்கள்.

இந்த வழிக்கு ஒரு பலவீனம் உண்டு. `cos x`-இன் வகைக்கெழு `sin x` என்றே ஒருவர் மனப்பாடம் செய்திருந்தால், தொகையிடும்போது செய்த தவறைச் சரிபார்க்கும்போதும் செய்வார், விடை சரிபோலவே தெரியும். அந்தச் சமயத்தில் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. 0-இலிருந்து π வரை `cos x` இறங்கிக்கொண்டே போகிறது, அதனால் அதன் வகைக்கெழு அங்கே நேர்க்குறியில் இருக்க முடியாது.

இன்னொன்று, கடைசியில் போடும் C. "சார், வகையிட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. அப்புறம் ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. மாறிலியின் வகைக்கெழு சுழியம். C இருந்தாலும், இல்லாவிட்டாலும், 5 என்று இருந்தாலும் வகையிட்டதும் மறைந்துவிடும். எனவே கூட்டலில் நிற்கும் மாறிலி தொலைந்ததை இந்தச் சரிபார்ப்பு காட்டாது, பெருக்கலில் தொலைந்ததை மட்டுமே காட்டும். இதே காரணத்தால்தான் `∫ sin x cos x dx`-க்கு ஒருவர் `(sin² x)/2 + C` என்றும் இன்னொருவர் `-(cos² x)/2 + C` என்றும் எழுதினால் இருவருக்கும் முழு மதிப்பெண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1/2 என்ற எண் மட்டுமே, அதை C-க்குள் போட்டுவிடலாம்.

C-யின் மதிப்பைப் பிடிக்க ஒரு புள்ளி வேண்டும். `dy/dx = 2x`, வளைவரை (1, 4) வழியே போகிறது என்றால் `y = x²` என்ற விடை வகையிடலில் தேறிவிடும். ஆனால் x-க்கு 1 போட்டால் 4 வராது, 1 வரும். குறைகிற 3-தான் C.

வகைக்கெழுச் சமன்பாட்டில் மட்டும் நிலைமை வேறு. `dy/dx = y` என்பதைத் தீர்க்கும்போது `ln y = x` என்று C இல்லாமல் எழுதி, அடுத்த வரியில் `y = e^x` என்று மாற்றி, கடைசியில் ஞாபகம் வந்து `y = e^x + C` என்று சேர்ப்பவர்கள் உண்டு. இதை வகையிட்டால் `e^x` வருகிறது. சமன்பாடு கேட்பதோ y, அதாவது `e^x + C`. C சுழியமாக இருந்தால் ஒழிய இரண்டும் ஒத்துப்போகாது. வலப்பக்கத்தில் y-யே இருப்பதால், இங்கே தவறான இடத்தில் போட்ட C சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறது. தொகையிட்ட அதே வரியில் `ln y = x + C` என்று எழுதியிருந்தால், அது `y = A e^x` என்று பெருக்கலுக்குப் போயிருக்கும். அதை வகையிட்டால் `A e^x`-தான் வரும், அதாவது y.