நகத்தில் குழி விழுந்தால் கால்சியம் மாத்திரை போடாதீர்கள்

போன வாரம் வந்தவர் 38 வயதுப் பெண். தையல் வேலை செய்பவர். உட்கார்ந்ததும் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். எல்லாம் கால்சியம். எட்டு மாதமாகப் போடுகிறார். "நகத்துல வெள்ளைப் புள்ளி வந்துச்சு டாக்டர், கால்சியம் குறைச்சல்னு சொன்னாங்க. புள்ளி போயிடுச்சு. இப்ப குழி குழியா வருது. டோஸ் கூட்டணுமா?"

இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கால்சியம் கதை. நகம் எலும்பு இல்லை. அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, முடியைப் போல. நகத்தின் உறுதி கெரட்டினால் வருவது. அதில் கால்சியம் இருப்பது மிக மிகக் கொஞ்சம். ரத்தத்தில் கால்சியம் உண்மையாகவே குறைந்தால் கைகால் மரத்துப்போகும், தசை இழுக்கும். நகத்தில் புள்ளி வைத்து அது தகவல் சொல்லாது.

அப்படியென்றால் வெள்ளைப் புள்ளி ஏன் வருகிறது? நகக்கண்ணுக்கு அடியில், தோலுக்குள் நக வேர் இருக்கிறது. விரல் கதவில் இடித்தாலும், நகம் கடித்தாலும், அழகு செய்கிறோம் என்று நகக்கண் தோலைக் குச்சியால் தள்ளினாலும் அந்த வேரில் லேசான அடி படும். அப்போது உருவாகும் நகம் அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருக்கும். அடி பட்டது நமக்கு நினைவே இருக்காது. காரணம், அந்தப் புள்ளி தோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கவே சில வாரங்கள் ஆகும்.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். சந்தேகம் இருந்தால் இன்று ஒரு படம் எடுங்கள், அடுத்த மாதம் இன்னொன்று. புள்ளி நுனிப்பக்கம் நகர்ந்திருந்தால் அது நகத்தோடு வளர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. வேரிலிருந்து நுனி வரை வர சுமார் ஆறு மாதம். கால்சியம் போட்டாலும் ஆறு மாதம், போடாவிட்டாலும் ஆறு மாதம். "மாத்திரை போட்டேன், புள்ளி போச்சு" என்பதன் ரகசியம் இவ்வளவுதான். இந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் போனது. மாத்திரையால் அவருக்கு மிஞ்சியது மலச்சிக்கல். சிறுநீரகக் கல் வரும் உடல்வாகு உள்ளவர்கள் தேவையில்லாமல் கால்சியம் போடுவதில் இதைவிடப் பெரிய தொந்தரவும் உண்டு.

நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரிகளுக்கும் பயப்பட வேண்டாம். வயது ஏற ஏற எல்லோருக்கும் வரும், தோல் சுருக்கம் மாதிரி. குறுக்கே பள்ளமாக விழும் கோடு வேறு சங்கதி. கடும் காய்ச்சலோ பெரிய நோயோ வந்தபோது நக வளர்ச்சி சற்று நின்று போனதன் தழும்பு அது. நகக்கண்ணிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பல நகங்களில் ஒரே இடத்தில் இருந்தால், இரண்டு மாதத்துக்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வந்துவிடும். அதுவும் தானாக வளர்ந்து போகும்.

குழிக்கு வருகிறேன். ஊசி முனையால் குத்தி எடுத்தது போன்ற சின்னச் சின்னக் குழிகள். ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம். புழுவெட்டு உள்ளவர்களுக்கும் வரும், ஆனால் பெரும்பாலும் ஆழமில்லாமல், வரிசை பிடித்தாற்போல் இருக்கும். இவருக்கோ ஆழமாக, தாறுமாறாக, ஆறு நகங்களில். வலது நடுவிரல் நகத்தின் நடுவே எண்ணெய்ச் சொட்டு பட்ட காகிதம் போல ஒரு மஞ்சள் திட்டு. நுனியில் நகம் சதையை விட்டுத் தூக்கியிருந்தது. இது சொரியாசிஸ், தோலில் செதில் செதிலாக வரும் நோய். "எனக்கு உடம்புல ஒண்ணும் இல்லையே" என்றார். காதுக்குப் பின்னால் பார்த்தேன், முடி ஓரத்தில் பார்த்தேன். அங்கே செதில் இருந்தது. பொடுகு என்று நினைத்திருக்கிறார்.

நகத்தை விட்டுவிட்டு விரலைப் பற்றிக் கேட்டேன். காலையில் எப்படி இருக்கிறது?

"காலைல ஊசி கோக்க முடியல டாக்டர். ஒரு மணி நேரம் ஆகும் விரல் மடங்க. வேலை ஜாஸ்தின்னு இருந்துட்டேன்."

நடுவிரலின் நுனி மூட்டு லேசாக வீங்கியிருந்தது. விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண், நக வேருக்கு ஒட்டினாற்போலத்தான் எலும்பில் பிடித்திருக்கிறது. நகத்தைத் தாக்கும் சொரியாசிஸ் மூட்டையும் தாக்கலாம். அதனால் நகத்தில் சொரியாசிஸ் வந்தவர்களிடம் மூட்டைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. எக்ஸ்ரேயில் அந்த மூட்டின் ஓரம் அரிக்கத் தொடங்கியிருந்தது. அரித்த எலும்பு பழையபடி வராது. இன்னொன்று, அவர் மூன்று மாதம் முன்பே மூட்டு வலிக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் சோதனை நெகட்டிவ், "வாதம் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் அந்தச் சோதனை பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். நகத்தைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது மூட்டுவாத மருத்துவரும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். மூட்டு அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். நகம் சீராக ஆறு மாதமாவது பிடிக்கும், பொறுமை வேண்டும்.

நகம் தூக்கினாலே பூஞ்சை என்று மாத்திரை வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நகத்தடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் பூஞ்சை மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள். கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. நகத்தடியை ஊசி, பின் கொண்டு குடையவும் வேண்டாம். சொரியாசிஸ் காயம் பட்ட இடத்தில் இன்னும் கிளம்பும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மருத்துவரிடம் வரும்போது தயவுசெய்து நகப்பூச்சைத் துடைத்துவிட்டு வாருங்கள், பூச்சுக்கு அடியில் எனக்கு ஒன்றும் தெரியாது.

குழிகள் பல நகங்களில் இருந்தால், கூடவே காலையில் அரை மணிக்கு மேல் விரல் மடங்காமல் இருந்தால், இந்த மாதத்துக்குள் காட்டுங்கள். நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்பாகவோ பழுப்பாகவோ நீளக்கோடு வந்து, அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்த நிறம் நகக்கண் தோலுக்கும் பரவினாலோ, மாதக்கணக்கு வேண்டாம், இந்த வாரமே போங்கள். அது தோல் புற்றாக இருக்கலாம். அடிபட்ட ரத்தக்கட்டு என்று நீங்களே முடிவு செய்து காத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டு நகத்தோடு நுனிப்பக்கம் நகரும், இந்தக் கோடு வேரிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.