தவ்கீல்: அதிகாரப் பத்திரமும் அதன் எல்லையும்

ஒருவர் தம் சார்பில் செயல்பட மற்றொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை அரபியில் ‘தவ்கீல்’ என்பர். ஒப்படைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. அதிகாரம் தருபவர் ‘முவக்கில்’, பெறுபவர் ‘வகீல்’. நம் நீதிமன்றங்களில் வழங்கும் வக்கீல், வக்காலத்து ஆகிய சொற்களும் அதே வேரைச் சேர்ந்தவை. ஆனால் இன்றைய அரபியில் வழக்கறிஞருக்கு ‘முஹாமி’ என்ற தனிச்சொல் இருப்பதால், பத்திரத்திலுள்ள வகீலை ஆங்கிலத்தில் ‘லாயர்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. ‘அட்டர்னி’ என்று மட்டும் எழுதினாலும் அமெரிக்க வாசகர் வழக்கறிஞர் என்றே கொள்வார் என்பதால், ‘ஏஜென்ட்’ என்பதே ஐயமற்றது.

பொருள் பெரிதும் பிறழ்வது ‘தவ்கீல் ஆம்’, அதாவது பொது அதிகாரப் பத்திரம், என்ற தொடரில்தான். ‘பொது பவர்’ என்றால் நிலத்தை விற்பது வரை எல்லாம் அடங்கும் என்று நம் பக்கத்தில் எண்ணுவோர் பலர். எகிப்தின் 1948ஆம் ஆண்டு உரிமையியல் சட்டமோ, என்ன செய்யலாம் என்று குறிப்பிடாத பொது அதிகாரம் நிர்வாகச் செயல்களுக்கு மட்டுமே செல்லும் என்கிறது (பிரிவு 701). விற்பனை, அடமானம், நன்கொடை, சமரசம், பிறர் கோரிக்கையை ஒப்புக்கொள்ளுதல், நடுவர் தீர்ப்புக்கு விடுதல், வழக்காடுதல் ஆகியவற்றுக்குத் தனி அதிகாரம் வேண்டும் (பிரிவு 702).

திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவரிடம் கெய்ரோ வணிகரின் முகவர் வருகிறார் என்று கொள்வோம். அவர் பத்திரத்தில் ‘சரக்கைப் பெற்றுக்கொள்ளவும் அதற்கான ஆவணங்களில் கையெழுத்திடவும்’ என்றிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதைச் ‘சரக்கு தொடர்பான அனைத்தையும் கவனிக்க’ என்று ஆங்கிலத்தில் விரித்துவிட்டார். பாக்கித் தொகை குறித்த தகராறில், அதை நம்பிய ஏற்றுமதியாளர், விலையைக் குறைத்து முகவருடன் சமரச ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். மூலத்தில் ‘சுல்ஹ்’, அதாவது சமரசம், என்ற சொல்லே இல்லை. ஆகவே அந்த ஒப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று வணிகர் மறுக்க இடமுண்டு. ‘ஆவணங்களில்’ என்பதற்கு முன்னுள்ள ‘அதற்கான’ என்ற சிறு சொல், கையெழுத்திடும் உரிமையைச் சரக்கு ஒப்படைப்புத் தாள்களோடு நிறுத்துகிறது. மொழிபெயர்ப்பில் விட்டுப்போனதும் அதுவே.

ஆகவே மூலத்திலுள்ள வினைகளை ஒன்றுக்கு ஒன்றாகவே ஆங்கிலத்தில் தர வேண்டும். ‘பைஃ’ என்றால் விற்றல், ‘கப்ள்’ என்றால் தொகையைப் பெறுதல். விற்க உரிமை தரும் பத்திரத்தில் பணம் பெறும் உரிமை எழுதப்படாதிருந்தால், மொழிபெயர்ப்பாளர் அதைத் தாமாகச் சேர்க்கலாகாது. ‘லின் நஃப்ஸி வ லில் கைர்’ என்ற தொடர் முகவர் தமக்கே விற்றுக்கொள்ளவும் பிறருக்கு விற்கவும் இடமளிப்பது. பேச்சுக்கு எழுதிய அலங்காரம் என்று கருதி அதை விட்டுவிட்டால், முகவரின் உரிமையில் ஒரு பகுதியே மறைந்துபோகும். வேறொருவரைத் தமக்குப் பதிலாக நியமிக்கும் உரிமைக்கும், ‘தவ்கீலுல் கைர்’ என்ற தொடர் மூலத்தில் உள்ளதா என்று தனியே பார்க்க வேண்டும்.

தமிழில் தவ்கீலுக்கு அதிகாரப் பத்திரம், வகீலுக்கு முகவர், முவக்கிலுக்கு அதிகாரம் அளிப்பவர் என்பவை பொருந்தும். ‘தவ்கீல் ஃகாஸ்’ தனி அதிகாரப் பத்திரம் ஆகும்.