தோசைக்கும் தூக்கத்துக்கும் நடுவே 15 நிமிட நடை

நம் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் அதில் உள்ள குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு. உடலில் 5 லிட்டர் ரத்தம், வெறும் வயிற்றில் சுகர் 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இது வந்துவிடும். இனி, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மூன்று தோசை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் மாவுச்சத்து மட்டும் எழுபது கிராம் போல இருக்கும். அது செரித்து, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இந்த 5 கிராம் புழங்கும் ரத்தத்துக்குள் வந்து சேர வேண்டும்.

வரும் வேகத்துக்கு ஈடாக அது வெளியேறாவிட்டால் சுகர் ஏறும். வெளியேற்றும் பெரிய வேலை தசைகளுடையது. தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய ‘குளூட்-4’ என்ற புரதம் வேண்டும். சும்மா இருக்கும்போது அது செல்லின் உள்ளேயே கிடக்கும். கணையம் சுரக்கும் இன்சுலின் வந்து சொன்னால்தான் மேற்பரப்புக்கு வந்து வழிவிடும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களின் தசைகளுக்கு இந்த இன்சுலின் பேச்சு மெல்ல மெல்லக் காதில் ஏறாமல் போகிறது.

சாப்பிட்ட பின் நடக்கும் நடையின் சூட்சுமம் இங்கேதான். தசை சுருங்கும்போது அதற்குள் வெளிப்படும் கால்சியமும், எரிசக்தி குறைவதை உணரும் நொதிகளும் இன்சுலினுக்குக் காத்திராமல் குளூட்-4ஐ மேலே கொண்டுவந்துவிடுகின்றன. அதனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கும் இந்த வழி திறக்கிறது. கால் மணி நேர நடையில் செலவாகும் குளுக்கோஸ் சில கிராம்தான். எழுபதோடு ஒப்பிட்டால் அற்பம், ஆனால் ரத்தத்தில் இருப்பதே ஐந்து என்று பார்த்தால் அற்பம் இல்லை.

நேரம் முக்கியம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் வாக்கில் சுகர் உச்சத்தைத் தொடும். அதற்கு முன்பே, கை கழுவிய கால் மணியில் கிளம்பிவிட்டால் ஏறும்போதே தடுக்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வு 2016இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர், சில நாட்கள் தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்தார்கள். வேறு சில நாட்கள் மூன்று வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தார்கள். மொத்தம் அதே 30 நிமிடம்தான். ஆனால் இரண்டாவது முறையில் உணவுக்குப் பிந்தைய சுகர் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். இரவில் மாவுச்சத்தை அதிகம் சாப்பிட்டுவிட்டு அப்படியே சோஃபாவில் சாய்கிறோம் அல்லவா! போதாக்குறைக்கு, இருட்டியதும் சுரக்கத் தொடங்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் கணையத்தின் இன்சுலின் சுரப்பைச் சற்று அடக்கியும் வைக்கிறது.

செரிமானத்தில் நடையின் பங்கு இதைவிட எளிமையானது. நிமிர்ந்த நிலையில் உணவும் அமிலமும் இரைப்பையிலேயே தங்கும். உண்ட கையோடு படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி நெஞ்சு எரியும். மெதுவான நடை குடலின் அசைவுக்கும் உதவும், வயிற்று உப்புசம் குறையும். வேகமாக ஓடினால் எதிர்விளைவுதான்: ரத்தம் குடலை விட்டுக் கால் தசைகளுக்குப் போய் வயிறு பிடித்துக்கொள்ளும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? அந்த வேகம் போதும்.

தூக்கத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நெஞ்செரிச்சல் குறைந்தால் நடுவில் விழிப்பது குறையும், இது நேரடியான லாபம். இதமான நடை தூக்கத்தைக் கெடுப்பதில்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் செய்யும் கடும் உடற்பயிற்சிதான் இதயத் துடிப்பையும் உடல் சூட்டையும் ஏற்றித் தூக்கத்தைத் தள்ளிப்போடும். நடக்கும்போது போனில் ஆபீஸ் பஞ்சாயத்து நடத்தினால் அதற்கு நடை பொறுப்பில்லை.

உங்களுக்கு இது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று குளுக்கோமீட்டரில் பார்த்துவிடலாம். ஒரு நாள் மூன்று தோசை, அதே சட்னி, பிறகு உட்கார்ந்திருத்தல். இன்னொரு நாள் அதே சாப்பாடு, பிறகு நடை. முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக ஒரு மணி நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். விரலில் ஒட்டிய இனிப்பு அளவை ஏற்றிக் காட்டும். மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் 180க்கும் 170க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 180 இருந்த இடத்தில் 145 வந்து, அதுவும் மறுபடி மறுபடி வந்தால் நம்பலாம்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மருந்தும் நடையும் சேர்ந்து சுகரைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகலாம்: கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி. வயதானவர்கள் சிலருக்குச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அவர்கள் சற்று உட்கார்ந்துவிட்டுக் கிளம்பட்டும். சாப்பிட்டு நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிறது என்றால் அதை வாயுத் தொல்லை என்று விட்டுவிடக் கூடாது. அது இதயத்துக்கு ரத்தம் போதாததன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், நடையை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும்.